எழுத்துப் பிழை இல்லாத பிழைகள்

பள்ளி பிராஸ்பெக்டஸைப் பெரும்பாலும் யாரும் புதிதாக எழுதுவதில்லை. சென்ற ஆண்டுக் கோப்பைத் திறந்து, அட்டையில் ஆண்டை மாற்றி அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பலமுறை திருத்தப்பட்ட வாசகம் என்பதால் எழுத்துப் பிழை அதிகம் இருக்காது. காலாவதியான தகவல்தான் தங்கிவிடும். ‘ரூ.36,000’ என்பதில் எந்த எழுத்தும் தப்பில்லை. அது போன வருடத்துக் கட்டணம், அவ்வளவுதான்.

அதனால் புரூஃப் பார்ப்பவர் பிராஸ்பெக்டஸை மட்டும் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. கட்டண ஆணையும் பக்கத்தில் வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழு நிர்ணயிக்கிறது. அந்த நிர்ணயம் 3 கல்வியாண்டுகளுக்குச் செல்லும். ஆணையில் ஆண்டுக்கு ஒரு தொகை இருந்தால், பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து எழுதிவிடுவது சுலபம்.

ஆணையோடு ஒப்பிட்ட பிறகு கால்குலேட்டரை எடுங்கள். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆண்டுக் கட்டணம் 39,600 என்று திருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வரிசையில் மூன்று பருவங்களுக்கும் 12,000 என்று இருக்கிறது. கூட்டினால் 36,000 வருகிறது. ஆண்டுத் தொகையை மாற்றியவர் பருவத் தொகையைத் தொடவில்லை. முன்பக்கத்தில் ‘ரூ.36,000 முதல்’ என்ற பழைய வாக்கியமும் அப்படியே கிடக்கும். அட்டவணையை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது. பழைய தொகை ஒவ்வொன்றையும் கோப்பு முழுக்கத் தேடத்தான் வேண்டும்.

அடுத்தது வகுப்புப் பெயர். வயது வரம்பில் எல்.கே.ஜி., கட்டண அட்டவணையில் ஜூனியர் கே.ஜி. என்று இருந்தால், இரண்டும் ஒன்றா என்று கேட்டே ஆபீஸ் போன் ஓயாது. விண்ணப்பப் படிவத்தில் உள்ள பெயரையே எல்லாப் பக்கத்திலும் போடுவது நல்லது. ரோமன் எண் போடும் பள்ளிகளில் இன்னொரு தொல்லை: IX, XI ஆகிவிடும், IV, VI ஆகிவிடும். தலைகீழாக மாறினாலும் சரியான வகுப்பாகவே தெரிவதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். 9, 11 என்று எழுதினால் இந்த வம்பே இல்லை.

தொலைபேசி எண்ணை வாசித்துச் சரிபார்ப்பதில் பயனில்லை. புரூஃபில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்தே டயல் செய்ய வேண்டும். வேலையை விட்டுப் போன கிளார்க்கின் செல்பேசி ஒலித்தால் அப்போதுதான் தெரியும். மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் அனுப்பி, பள்ளியில் யாராவது திறந்து பார்க்கிறார்களா என்று கேளுங்கள். வழி காட்டும் வரைபடம், பின்னட்டைப் பட்டை போன்றவை பல நேரம் படமாகவே ஒட்டப்பட்டிருக்கும். கணினித் தேடலுக்கு அவற்றிலுள்ள எண் சிக்காது. அவற்றைத் தாளில் விரல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஒரே வகுப்புக்கு இரண்டு தொகை கண்டால், எது சரி என்று ஊகிக்க வேண்டாம். குழுவின் கட்டண ஆணையைக் காட்டச் சொல்லுங்கள்; பணத்தை அதன்பிறகு கட்டலாம்.