நாற்பது மில்லிமீட்டர் மிச்சம்

சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீடு. அதன் சமையலறைச் சுவர் பத்தடி, அதாவது 3,048 மில்லிமீட்டர் என்கிறது கட்டுநர் கொடுத்த வரைபடம். மாடுலர் கிச்சன் போட வந்த வடிவமைப்பாளர் அதை நம்பாமல், மூன்று உயரங்களில் டேப் பிடித்துப் பார்த்தார். தரையோடு 3,052, மேடை உயரத்தில் 3,040, தலைக்கு மேலே 3,046. பூச்சு வேலையில் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. இருப்பதில் சிறிய அளவுதான் பெட்டிகளுக்குக் கணக்கு. எனவே அவருடைய கணினியில் அந்தச் சுவர் 3,040 ஆனது.

மாடுலர் கிச்சன் என்பது சுவரை அளந்து அதற்கேற்ப ஒரே அலமாரியாக ஆசாரி அடித்துத் தருவதல்ல. 300, 400, 450, 600, 900 எனக் குறிப்பிட்ட அகலங்களில் தொழிற்சாலையிலிருந்து வரும் பெட்டிகளை வரிசையாக நிறுத்துவது. அதில் 600-க்குத் தனி மரியாதை உண்டு. பாத்திரம் கழுவும் இயந்திரம், சுவரில் பதிக்கும் அவன், நான்கு பர்னர் ஹாப் எல்லாம் அந்த அகலத்துக்கே செய்யப்படுகின்றன.

இந்த வீட்டுக்காரர்கள் கேட்டது ஐந்து. இடக்கோடியில் பாத்திரம் கழுவும் இயந்திரம், 600. தண்ணீரும் கழிவுக் குழாயும் பக்கத்திலேயே கிடைக்க, அதை ஒட்டி சிங்க், 900. பிறகு இழுப்பறைகள், 450. ஹாப், 600. வலக்கோடியில் கேஸ் சிலிண்டர், 450. கூட்டினால் சரியாக 3,000. நாற்பது மில்லிமீட்டர்தான் மிச்சம். “அப்படியே அளவெடுத்த மாதிரி உட்காருதே சார்!” என்றார் வீட்டுக்காரர்.

தாளில் உட்கார்ந்தது. ஸ்கெட்ச்அப் மென்பொருளில் முப்பரிமாணமாக வரைந்தபோது உட்காரவில்லை.

வடிவமைப்பாளருக்கு ஒரு பழக்கம். பெட்டியை வரைந்ததும், அதன் கதவு திறக்கும் இடத்தையும் மெல்லிய சிவப்பில் ஒரு கட்டியாக வரைந்துவிடுவார். இழுப்பறை வெளியே வரும் தூரத்துக்கும் ஒரு சிவப்புக் கட்டி, கை நுழையும் இடத்துக்கும் ஒன்று. பொருள்களோடு காற்றையும் வரைவது என்று இதைச் சொல்லலாம். எந்தச் சிவப்பு எதில் முட்டுகிறது என்று பார்த்தால் போதும், பாதித் தவறுகள் அங்கேயே தெரிந்துவிடும்.

இங்கே முட்டிய முதல் சிவப்பு சிலிண்டர் கதவு. பாத்திர இயந்திரம் வெறும் இயந்திரம்தான், அதற்குப் பெட்டி கிடையாது. மேல் கல்லைத் தாங்கச் சுவரோரம் 18 மி.மீ. பலகை ஒன்று நிற்க வேண்டும். நாற்பதில் அது போக, வலப்பக்கம் மிஞ்சியது 22. சிலிண்டர் பெட்டியின் கீல் சுவர்ப் பக்கம். கைப்பிடியோ கதவிலிருந்து 35 மி.மீ. துருத்திக்கொண்டிருக்கிறது. கதவு செங்குத்தாகத் திறக்கும் முன்பே கைப்பிடி சுவரில் இடித்துவிடும். பாதி திறந்த கதவு வாயை அடைத்துக்கொண்டு நிற்க, அதைத் தாண்டி முழு சிலிண்டரை வெளியே எடுப்பது யார்?

கீலை மறுபக்கம் மாற்றலாம். ஆனால் திறந்த கதவு அடுப்பின் முன்னால் வந்து நிற்கும் என்று வீட்டம்மா மறுத்துவிட்டார். அதனால் இழுப்பறைப் பெட்டியை 450-லிருந்து 400 ஆக்கினார்கள். இப்போது கணக்கு இப்படி:

```
3040 - (18 + 600 + 900 + 400 + 600 + 450) = 72
```

இந்த 72-ஐ மூடும் ஒட்டுப்பட்டைக்குத் தொழிலில் ‘ஃபில்லர்’ என்று பெயர். கைப்பிடிக்கு இடம் தருவதோடு, சுவரின் கோணலையும் அதுவே விழுங்கிக்கொள்ளும். சுவரோடு ஒட்டும் விளிம்பை ஆசாரி அங்கேயே இழைத்துச் சரிசெய்வார். ஃபில்லரே இல்லாமல் பெட்டியைச் சுவரில் ஒட்டி நிறுத்தும் வரைபடம், கோணலே இல்லாத சுவரை எங்கோ கண்டவர் போட்டது.

அடுத்த சிக்கல் உயரத்தில். பெட்டியின் உயரம் 720. அது தரையில் உட்காராது, பிளாஸ்டிக் கால்களில் நிற்கும். கால்களை மறைத்து, கதவுக்குச் சற்று உள்ளே தள்ளி வரும் பட்டைக்கு ‘ஸ்கர்ட்டிங்’ என்பார்கள். நின்று வேலை செய்யும்போது பாதத்தின் முனை போக அந்தப் பள்ளம் வேண்டும். தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் வீடுகளில் இன்னொரு பயனும் உண்டு, பிளைவுட் நனைந்து ஊதாது. கால் 100 வைத்தால் கல்லுக்கு அடியில் 820. வீட்டுக்காரர் வாங்கிய பாத்திர இயந்திரமோ 845 உயரம், நுழையாது. சில மாடல்களில் மேல்மூடியைக் கழற்றி உயரத்தைக் குறைக்கலாம். இதன் கையேட்டில் அந்த வசதி இல்லை.

காலை 130 ஆக உயர்த்தினால் அடியில் 850, மேலே 20 மி.மீ. கிரானைட், ஆக மேடை 870. ஐந்தடிக்குச் சற்று மேலான வீட்டம்மாவுக்கு இதற்கு மேல் போனால் தோள் வலிக்கும். 870-க்கு ஒப்புக்கொண்டார். இயந்திரத்துக்கு மேலே கிடைத்த இடைவெளி வெறும் 5 மி.மீ. ரசமட்டம் வைத்துப் பார்த்தால், அந்த மூலையில் தரை மற்ற இடத்தைவிட 6 மி.மீ. மேடு! பிறகு எல்லா உயரத்தையும் அந்த மேட்டிலிருந்தே கணக்கிட்டார்கள். மற்ற பக்கத்துக் கால்களைத் திருகி நீட்டிக்கொள்ளலாம்.

சிலிண்டர் பெட்டிக்கு மட்டும் அடிப்பலகை வேண்டாம் என்று முடிவாயிற்று. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரின் குறுக்களவு சுமார் 32 செ.மீ.; 450 பெட்டியின் உள்ளகலமான 414-இல் அது தாராளமாக நிற்கும். 300 பெட்டியில் நுழையாது. பலகை இருந்தால் முப்பது கிலோ பாரத்தைத் தரையிலிருந்து 15 செ.மீ. அளவுக்குத் தூக்கி வைக்க வேண்டும். அதற்கு மேல் ரெகுலேட்டரைத் திருகக் கைக்கும் இடம் வேண்டும். அதனால் தரையிலேயே சக்கரத் தட்டு, முன்னால் ஸ்கர்ட்டிங் கிடையாது, கதவின் அடியில் காற்றோட்டத் துளைகள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும், ஆகவே துளை கீழேதான் இருக்க வேண்டும்.

கடைசியில் கல்லில் போடும் ஓட்டைகள். பெட்டியில் பிழை வந்தால் பலகையை மாற்றலாம், வெட்டிய கிரானைட்டை ஒட்ட முடியாது. நான்கு பர்னர் ஹாப்புக்கு வழக்கமாகக் கேட்கும் வெட்டு 560-க்கு 490. 600 பெட்டியின் உள்ளகலம் 564. இரு பக்கமும் இரண்டிரண்டு மில்லிமீட்டர்தான் சலுகை, வெட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் ஹாப்பின் அடிப்பாகம் பெட்டியின் பக்கப் பலகையில் மோதும். 600 ஆழக் கல்லில் முன்பக்கம் 55 மி.மீ. கீற்றுதான் மிஞ்சும். தூக்கும்போது உடைவது அந்தக் கீற்றுதான், அதனால் ஹாப் ஓட்டையைக் கல்லைப் பொருத்திய பிறகே பலர் வெட்டுகிறார்கள். மூலைகளைக் கூர்மையாக வெட்டினால் அங்கிருந்தே விரிசல் ஓடும். முதலில் நான்கு மூலையிலும் வட்டத் துளை போட்டு, பிறகு நேர்கோடு.

கணினியில் ஹாப்பின் அடிப்பாகத்தையும் கேஸ் குழாய் வளைவையும் சேர்த்து வரைந்தபோது, மேல் இழுப்பறை அதில் முட்டியது. அந்த இழுப்பறை வெறும் முகப்புப் பலகையானது. கரண்டிகள் கீழ் அறைக்குப் போயின.

கல் வெட்ட வந்த மேஸ்திரியிடம் அளவு போட்ட தாளை நீட்டினார் வடிவமைப்பாளர். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டுக் கல்லின் மேலேயே வைத்தார்.

“படம் இருக்கட்டும் சார். அடுப்பு வந்துருச்சா?”

வரவில்லை. மூன்று நாள் கழித்துப் பெட்டி பிரித்து, ஹாப்பைக் கவிழ்த்து அவரே டேப் பிடித்தார். கையேட்டில் 560, டேப்பிலும் 560. அதன் பிறகுதான் கட்டரின் ஸ்விட்சைத் தட்டினார்.