குறுஞ்செய்தியில் ஆர்வம் குறைவது எப்படித் தெரிகிறது?

வாட்ஸ்அப்பிலோ வேறு செயலியிலோ நாள்தோறும் பேசிக்கொள்ளும் இருவரில் ஒருவருக்கு ஆர்வம் குறையத் தொடங்கினால், பேச்சு நிற்பதற்கு வெகு முன்பே எழுத்தின் வடிவம் மாறிவிடுகிறது. எமோஜிகள் வேறாகின்றன, நிறுத்தற்குறிகள் இடம் மாறுகின்றன, பதில்கள் சுருங்குகின்றன. ஆனால் இந்த மூன்றும் ஒரே அளவுக்கு நம்பத்தகுந்த அடையாளங்கள் அல்ல. பலரும் முதலில் கவனிப்பது செய்தியின் நீளத்தை. மூன்றில் மிகவும் ஏமாற்றக்கூடியதும் அதுதான்.

நிறுத்தற்குறிகளில் அதிகம் பேசப்படுவது முற்றுப்புள்ளி. தாளில் எழுதும்போது வாக்கியம் எங்கே முடிகிறது என்று காட்ட அது கட்டாயம் தேவை. குறுஞ்செய்தியில் அனுப்பும் பொத்தானை அழுத்தியதுமே வாக்கியம் முடிந்துவிடுகிறது. புள்ளி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேவையில்லாத இடத்தில் ஒருவர் அதை வைக்கும்போது, வேண்டுமென்றே வைத்ததாகப் படிப்பவருக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா கிளின் தலைமையிலான குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. 126 மாணவர்களிடம் ஓர் அழைப்பும் அதற்கான ஒற்றைச் சொல் பதிலும் காட்டப்பட்டன. புள்ளியோடு முடிந்த பதிலில் உண்மையான விருப்பம் குறைவாக இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதில் கையால் எழுதிய துண்டுச் சீட்டில் இருந்தபோது புள்ளியால் எந்த வேறுபாடும் வரவில்லை. ஆனால் இந்த ஆய்வு அளந்தது படிப்பவருக்கு என்ன தோன்றுகிறது என்பதைத்தான். எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்பதை அது அளக்கவில்லை. “சரி.” என்ற பதில் குளிர்ச்சியாகப் படுவது உண்மை, அனுப்பியவர் குளிர்ந்துவிட்டார் என்பதற்கு அது சான்று ஆகாது.

முற்றுப்புள்ளி வந்து சேர்வதைவிடக் கேள்விக்குறி காணாமல் போவதே வலுவான அடையாளம். “சாப்டியா?” என்பதற்கு “சாப்டேன், நீ?” என்று வந்துகொண்டிருந்த பதில், ஒரு கட்டத்தில் “சாப்டேன்” என்று நின்றுவிடுகிறது. போனது ஒரே ஒரு சொல்தான். ஆனால் பேச்சை அடுத்த அடிக்கு நகர்த்தும் பொறுப்பு முழுக்க இப்போது ஒருவர் தலையில் விழுந்துவிட்டது. பதில் சொல்வது மரியாதைக்காகவும் நடக்கும். பதிலிலிருந்து இன்னொரு கேள்வி பிறப்பதற்குத்தான் ஆர்வம் வேண்டும்.

எமோஜியில் எண்ணிக்கையைவிட வகையையே பார்க்க வேண்டும். பழகத் தொடங்கிய வாரங்களில் இருவரும் வரிக்கு வரி எமோஜி போடுவார்கள். தான் சொன்னது தப்பாகப் புரிந்துகொள்ளப்படுமோ என்ற தயக்கம் அதற்கு ஒரு காரணம். நம்பிக்கை வந்தபின் அந்தக் காப்பு தேவைப்படாது. எமோஜி தானாகவே குறையும். இது நெருக்கத்தின் விளைவு, விலகல் இல்லை. கவலைப்பட வேண்டியது, அந்த இருவருக்குள் மட்டுமே பொருள்படும் எமோஜிகள் மறைந்து, அலுவலகக் குழுவிலும் போடக்கூடிய கட்டைவிரலும் கைகூப்பலும் அவற்றின் இடத்துக்கு வரும்போது. 2022-இல் வாட்ஸ்அப்பில் வந்த ரியாக்‌ஷன் வசதி இதை இன்னும் எளிதாக்கிவிட்டது. செய்தியின் மேல் ஓர் இதயத்தை ஒட்டிவிட்டால் பதில் சொன்னதுபோல ஆகிவிடும், பேச்சும் அங்கேயே முடிந்துவிடும்.

வேறு வேறு ஊர்களில் வேலை பார்க்கும், காதலிக்கும் இருவரை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்க்கலாம். ஏப்ரலில் அவள் “இன்டர்வியூ முடிஞ்சுது, சுமாராத்தான் பண்ணேன்” என்று அனுப்புகிறாள். “சுமாரா?? நீ சுமார்னு சொன்னா நல்லா பண்ணிருக்கன்னு அர்த்தம்டி 😂 என்ன கேட்டாங்க?” என்று அவன் பதில் தருகிறான். ஜூலையில் “வேலை கெடச்சிருச்சு!!!” என்று அவள் எழுதும்போது, “சூப்பர். வாழ்த்துகள் 👍” என்று வருகிறது. இந்தப் பதிலில் குறை சொல்ல எதுவும் இல்லை, எமோஜிகூட இருக்கிறது. ஆனாலும் அவளுக்கு உறுத்தும். கேள்வி இல்லை, “டி” இல்லை, அவளுடைய மூன்று ஆச்சரியக்குறிகளுக்கு எதிரே ஒரு முற்றுப்புள்ளி நிற்கிறது. பேச்சுத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவன் வாழ்த்து அட்டையின் தமிழுக்கு மாறிவிட்டான். தமிழில் எழுதுகிறவர்களிடம் இந்த மாற்றத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உரிமை குறையும்போது மொழி மரியாதையாகிவிடுகிறது.

இதே செய்திக்கு அவன் “செமடி!! நைட்டு கூப்பிடறேன், எப்போ ஜாயினிங்?” என்று அனுப்பியிருந்தால் அதுவும் ஏப்ரல் பதிலைவிடச் சின்னதுதான். எமோஜியும் இல்லை. இருந்தாலும் அதில் உரிமை, கேள்வி, அடுத்த பேச்சுக்கான வாக்கு எல்லாம் அப்படியே இருக்கின்றன. இரவுப் பணிக்கு மாறியவர், தேர்வுக்குப் படிப்பவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் இப்படித்தான் எழுதுவார்கள். நீளம் மட்டும் குறைந்தால் நேரமில்லை என்று பொருள் கொள்ளலாம். நீளத்தோடு கேள்வியும் உரிமையும் சேர்ந்து குறைந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இருவரின் எழுத்தும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதும் ஓர் அளவுகோல். மோலி அயர்லண்ட், ஜேம்ஸ் பென்னபேக்கர் உள்ளிட்டோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 86 காதல் இணைகளின் பத்து நாள் உரையாடல் ஆராயப்பட்டது. பிரதிப்பெயர், இணைப்புச் சொல் போன்ற சிறு சொற்களை இருவரும் எவ்வளவு ஒத்த விகிதத்தில் பயன்படுத்தினார்கள் என்று கணக்கிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஒத்துப்போகும் அளவு அதிகமாக இருந்த பாதியில் சுமார் 77 சதவீதத்தினர் சேர்ந்திருந்தார்கள். குறைவாக இருந்த பாதியில் சுமார் 54 சதவீதத்தினர். வேறுபாடு பெரியதுதான். ஆனால் ஒத்துப்போகாதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிரியவில்லை. கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் எண் ஓர் உறவுக்குத் தீர்ப்பாகாது.

ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. எல்லோருக்கும் புள்ளி வைத்தே எழுதுகிறவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க “ம்” தவிர வேறு பதில் அனுப்பாதவரும் இருக்கிறார். வயதில் மூத்தவர்கள் பலர் வாக்கியங்களைப் பிரிக்க மூன்று புள்ளி வைப்பார்கள். இளையவர்களுக்கு அது எதையோ சொல்லாமல் விட்டதுபோலப் படும். ஆகவே ஒப்பீடு அவரவரின் பழைய எழுத்தோடு மட்டுமே இருக்க வேண்டும், அதுவும் பல வாரங்களுக்கு. மாற்றம் எல்லா நண்பர்களிடமும் ஒரேபோலத் தெரிந்தால் காரணம் வேலைப்பளுவாக, களைப்பாக, மனச்சோர்வாகக்கூட இருக்கலாம். அப்போது தேவைப்படுவது நலம் விசாரிப்பு. தொலைபேசியில் பழைய கலகலப்பு மாறாமல் இருந்தால் எழுத்து சுருங்கியதற்குப் பெரிய பொருள் இல்லை.

சந்தேகம் நீடித்தால் அதைக் குறுஞ்செய்தியிலேயே கேட்டுத் தீர்க்க முடியாது. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்ளி முதலானோரின் 2005 ஆய்வில், ஒரே வாக்கியம் கிண்டலாகச் சொல்லப்பட்டதா, உண்மையாகவா என்பதைக் குரலில் கேட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 73 முறை சரியாகக் கண்டுபிடித்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்களால் 56 முறைதான் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வந்துவிடும். “ஏதாவது பிரச்சனையா?” என்று எழுதினால் “ஒண்ணுமில்ல” என்று பதில் வரும், அதற்குப் பின்னால் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கும் வேலையே மிஞ்சும். அதைவிட, இந்த மாதம் நீ என்னிடம் எதுவுமே கேட்கவில்லை என்று போனிலோ நேரிலோ நேராகச் சொல்லிவிடுங்கள்.