அளவைப் பெருக்கு, கோணத்தைக் கூட்டு

மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட் இருந்தாலே பெரிது. அதை ஆயிரம் மடங்காக்கி ஒரு வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால், ஒற்றை டிரான்சிஸ்டரைக் கசக்கிப் பிழிவதைவிட இரண்டை அடுத்தடுத்து வைப்பதே வழக்கம். முதல் ஸ்டேஜ் 40 மடங்கு, இரண்டாவது 25 மடங்கு. நாற்பதை இருபத்தைந்தால் பெருக்கினால் ஆயிரம். இதுவரை ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

சிக்கல் அதிர்வெண் ஏறும்போது வருகிறது. ஒரு கிலோஹெர்ட்ஸில் ஆயிரம் மடங்கு தரும் அதே சர்க்யூட், 20 கிலோஹெர்ட்ஸில் ஐந்நூறு மடங்குதான் தருகிறது. போதாக்குறைக்கு, வெளியே வரும் அலை உள்ளே போன அலைக்குக் கால் சுற்றுப் பின்தங்கி நிற்கிறது. எவ்வளவு குறைந்தது, எவ்வளவு பின்தங்கியது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே கணக்கில் பதில் தருபவை கலப்பெண்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் துருவ வடிவம் என்று படித்துவிட்டு, இது எதற்கு உதவும் என்று யோசித்தவர்களுக்கு இந்தச் சர்க்யூட் நேரடியான பதில்.

ஒரு சைன் அலையை, சீராகச் சுற்றும் ஓர் அம்புக்குறியாக வரையலாம். அம்பின் நீளம் அலையின் உயரம். அது நிற்கும் கோணம், அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. உள்ளே ஓர் அம்பு, வெளியே ஓர் அம்பு. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. ஆகவே ஆம்ப்ளிஃபயர் செய்தது இரண்டே வேலைகள்: அம்பை நீட்டியது, சற்றுத் திருப்பியது. எத்தனை மடங்கு நீட்டியது என்பது கெயின். எத்தனை டிகிரி திருப்பியது என்பது ஃபேஸ். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதுவதுதான் துருவ வடிவம். 28.3∠135° என்றால் 28.3 மடங்கு நீட்டு, 135 டிகிரி திருப்பு என்று பொருள்.

இனி இரண்டாவது ஸ்டேஜை நினைத்துப் பாருங்கள். அதற்கு வருவது ஏற்கெனவே நீண்டு, ஏற்கெனவே திரும்பிய அம்பு. அது தன் பங்குக்கு அதை மேலும் நீட்டி, அது நிற்கும் இடத்திலிருந்தே மேலும் திருப்புகிறது. நீட்டலுக்கு மேல் நீட்டல் என்றால் பெருக்கல். திருப்பலுக்கு மேல் திருப்பல் என்றால் கூட்டல். கலப்பெண்களைப் பெருக்கும் விதியும் இதுவேதான்: நீளங்களைப் பெருக்கு, கோணங்களைக் கூட்டு. மாறுமின்சாரக் கணக்குகளுக்குக் கலப்பெண்களைப் பயன்படுத்தும் முறையை சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1893இல் சிகாகோவில் நடந்த மின்பொறியாளர் மாநாட்டில் விளக்கினார். மின்பொறியாளர்கள் இன்றும் அந்த வழியில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

நம் சர்க்யூட்டுக்கு வருவோம். இரண்டும் காமன் எமிட்டர் ஸ்டேஜ்கள். இந்த வகை ஸ்டேஜ் அலையைத் தலைகீழாக்கும். அதாவது 180 டிகிரி திருப்பும். அத்துடன் ஒவ்வொரு கலெக்டரிலும் உள்ள ரெசிஸ்டன்ஸும் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து அதிவேக அலைகளைத் தளரச் செய்கின்றன. இரண்டு ஸ்டேஜுக்கும் வெட்டு அதிர்வெண் 20 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த அதிர்வெண்ணில் கெயின் 0.707 மடங்காகக் குறையும். ஃபேஸ் 45 டிகிரி பின்தங்கும். 180இல் 45 போனால் 135. ஆக, முதல் ஸ்டேஜ் 28.3∠135°, இரண்டாவது 17.7∠135°.

28.3 × 17.7 ≈ 500
135° + 135° = 270°

270 டிகிரி முன்னே திரும்புவதும் 90 டிகிரி பின்னே திரும்புவதும் ஒரே இடத்தில்தான் நிறுத்தும். விடை 500∠−90°. உள்ளே ஒரு மில்லிவோல்ட் கொடுத்தால் வெளியே 500 மில்லிவோல்ட், கால் சுற்றுத் தாமதமாக.

இதையே நேர் வடிவில் போட்டுப் பார்த்தால் துருவ வடிவத்தின் அருமை தெரியும். முதல் ஸ்டேஜ் −20 + j20, இரண்டாவது −12.5 + j12.5. (மின்சாரக்காரர்களுக்கு i என்றால் கரன்ட், அதனால் கற்பனை அலகுக்கு j.) நான்கு பெருக்கல்கள் செய்ய வேண்டும். மெய்ப்பகுதியில் 250 வந்து, j × j = −1 என்பதால் இன்னொரு −250 வந்து, இரண்டும் அடிபட்டுப் போகும். கற்பனைப் பகுதியில் −250, −250 சேர்ந்து −j500. விடை அதேதான். ஆனால் எந்த ஸ்டேஜ் எவ்வளவு திருப்பியது என்பது இந்த வழியில் கண்ணுக்கே படாது. அலைகளைக் கூட்டும் இடத்தில் நேர் வடிவம் வசதி. ஸ்டேஜ்களை அடுக்கும் இடத்தில் துருவ வடிவம்தான் கைகொடுக்கும்.

மேசையில் சரிபார்ப்பதும் எளிது. இரட்டைச் சேனல் ஆசிலாஸ்கோப்பில் முதல் சேனலை உள்ளீட்டிலும் இரண்டாவதை வெளியீட்டிலும் மாட்டுங்கள். 20 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு 50 மைக்ரோசெகண்ட். ஒரு கட்டத்துக்கு 5 மைக்ரோசெகண்ட் என்று திருகினால், ஒரு முழுச் சுற்று திரையின் பத்துக் கட்டங்களையும் நிரப்பும். வெளியீட்டு அலை பூஜ்யக் கோட்டைக் கடந்து மேலேறும் இடம், உள்ளீட்டு அலை கடக்கும் இடத்துக்கு இரண்டரைக் கட்டம் வலப்பக்கம் தள்ளி இருந்தால், தாமதம் 12.5 மைக்ரோசெகண்ட். அது சுற்றில் கால் பங்கு, 90 டிகிரி. 270 டிகிரி முன்னே, 90 டிகிரி பின்னே என்ற இரண்டையும் ஆசிலாஸ்கோப் பிரித்துக் காட்டாது. அதனால் குறைந்த அதிர்வெண்ணில் தொடங்கி மெல்ல ஏற்றிக்கொண்டே கோணம் நகர்வதைக் கவனிப்பது நல்லது.

இந்தப் பெருக்கலிலிருந்து உடனே தெரியவரும் இன்னொரு செய்தி உண்டு. தனித்தனியே 20 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும் இரண்டு ஸ்டேஜ்களைச் சேர்த்தால், கூட்டு சர்க்யூட் 20 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்காது. அங்கே 0.707 இரண்டு முறை பெருக்கப்பட்டுப் பாதியாகிவிட்டது. கூட்டுக் கெயின் 0.707 மடங்கில் நிற்கும் இடம் சுமார் 12.9 கிலோஹெர்ட்ஸ்.

இவ்வளவும் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவை. இரண்டாவது ஸ்டேஜை மாட்டியதால் முதல் ஸ்டேஜின் நடத்தை மாறக்கூடாது. மாறினால், மாறிய பிறகு அளந்த எண்ணைத்தான் பெருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஜையும் தனியாகப் பிரித்து வைத்து அளந்து, எண்களைப் பெருக்கிவிட்டு, விடை ஏன் ஒத்துவரவில்லை என்று குழம்புவது இங்கேதான்.

முதல் ஸ்டேஜின் வெளியீட்டு மின்தடை 4.7 கிலோஓம், இரண்டாவதன் உள்ளீட்டு மின்தடையும் 4.7 கிலோஓம் என்று கொள்வோம். இரண்டாவதை மாட்டியதும் முதல் ஸ்டேஜின் மின்னழுத்தம் பாதியாகும். அதாவது, நாம் 40 என்று எடுத்துக்கொண்ட ஸ்டேஜைத் தனியாக அளந்திருந்தால் 80 காட்டியிருக்கும். கோணமும் தப்பாது. கலெக்டரில் சுமார் 3.4 நானோஃபாரட் இருந்தால், தனியாக நிற்கும்போது அது 4.7 கிலோஓமுடன் சேர்ந்து 10 கிலோஹெர்ட்ஸில் வெட்டும். இரண்டாவது ஸ்டேஜ் வந்து மின்தடையைப் பாதியாக்கியதும் 20 கிலோஹெர்ட்ஸில் வெட்டும். தனி அளவை நம்பிக் கணக்குப் போட்டால் 20 கிலோஹெர்ட்ஸில் கூட்டுக் கெயின் 632, தாமதம் 108 டிகிரி என்று வரும். உண்மையில் இருப்பது 500, 90 டிகிரி.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதல் ஸ்டேஜின் வெளியீட்டில் ஆசிலாஸ்கோப்பை வைத்தபடி இரண்டாவது ஸ்டேஜைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அலையின் உயரமோ இடமோ நகர்ந்தால் சுமை ஏறுகிறது என்று அர்த்தம். இரண்டாவது இணைந்திருக்கும் நிலையிலேயே முதலாவதை அளந்துகொள்ளலாம். அல்லது நடுவில் ஓர் எமிட்டர் ஃபாலோயரை வைக்கலாம். அதன் கெயின் ஏறத்தாழ ஒன்று, கோணம் ஏறத்தாழ பூஜ்யம், உள்ளீட்டு மின்தடை மிக அதிகம். கணக்கில் அது 1∠0° என்று வந்து எதையும் மாற்றாமல் போகும், ஆனால் இரண்டு ஸ்டேஜ்களையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் பிரித்து வைக்கும். என்னைக் கேட்டால் கூடுதலாக ஒரு டிரான்சிஸ்டர் செலவானாலும் இதுதான் நிம்மதியான வழி.

காதுக்கு 90 டிகிரி தாமதம் பெரிதாகத் தெரியாது. பிறகு கோணத்துக்கு ஏன் இவ்வளவு கவனம்? வெளியீட்டின் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே கொடுக்கும்போது கோணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஹெரால்ட் பிளாக் 1927இல் எதிர்ப் பின்னூட்டத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஆம்ப்ளிஃபயர் செய்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கவலை உண்டு. நம் சர்க்யூட்டில் இரண்டாவது கலெக்டரிலிருந்து பத்தில் ஒரு பங்கை முதல் எமிட்டருக்குத் திருப்பிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். குறைந்த அதிர்வெண்ணில் அந்த வளையத்தைச் சுற்றி வரும் கெயின் 100. அது 1 ஆகக் குறையும் இடம் ஏறத்தாழ 199 கிலோஹெர்ட்ஸ். அங்கே ஒவ்வொரு ஸ்டேஜும் 84 டிகிரிக்குச் சற்று மேலே பின்தங்கும், கூட்டினால் 168.5. இது 180ஐத் தொட்டால் எதிர்ப் பின்னூட்டம் ஆதரவுப் பின்னூட்டமாக மாறி, சர்க்யூட் தானாகவே அலையத் தொடங்கிவிடும். மிச்சம் பதினொன்றரை டிகிரிதான்.

இரண்டு ஸ்டேஜ் மட்டும் சேர்ந்து 180ஐத் தொடவே முடியாது; ஒவ்வொன்றும் 90ஐ நெருங்கும், எட்டாது. ஆனால் வெளியீட்டு வயரில் ஒளிந்திருக்கும் கெபாசிட்டன்ஸ் ஒரு மெகாஹெர்ட்ஸில் வெட்டும் மூன்றாவது ஸ்டேஜ் போல நடந்துகொண்டால், அது மட்டுமே இன்னொரு 11 டிகிரியைச் சேர்த்துவிடும். சதுர அலையைக் கொடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு விளிம்பிலும் அலை நெடுநேரம் நடுங்கி அடங்குவது தெரியும். அதுதான் முதல் அறிகுறி.

இதற்குப் பரிகாரமும் அதே பெருக்கலிலேயே கிடைக்கிறது. ஒரு ஸ்டேஜை மட்டும் வேண்டுமென்றே மந்தமாக்கி, வெட்டு அதிர்வெண்ணை 200 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுங்கள். வளையக் கெயின் 1 ஆகும் இடம் 16 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே வந்துவிடும். அங்கே மந்தமான ஸ்டேஜ் 89 டிகிரி, மற்றது 38 டிகிரி. மொத்தம் 127, கையில் 50 டிகிரிக்கு மேல் மிச்சம். விலை என்னவென்றால், 200 ஹெர்ட்ஸுக்கு மேலே பின்னூட்டம் படிப்படியாக வலுவிழக்கும். 1968இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்துக்காக டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741 ஆப்-ஆம்ப் சில்லுக்குள்ளேயே 30 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருப்பது இந்த வேலைக்காகத்தான். அது ஒரே ஒரு ஸ்டேஜைச் சில ஹெர்ட்ஸிலேயே தளர வைத்து, மற்ற ஸ்டேஜ்கள் தங்கள் கோணங்களைச் சேர்ப்பதற்கு முன்பே கெயினை ஒன்றுக்கு இறக்கிவிடுகிறது.