ஒரு லிட்டர் பெட்ரோலில் சக்கரத்தைச் சேர்வது எவ்வளவு?

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் அடங்கியிருக்கிறது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் சிறிய கார் ஒன்று சமதளச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது 3 லிட்டரை, அதாவது 27 யூனிட்டை எரிக்கிறது. ஆனால் காற்றின் எதிர்ப்பையும் டயர்களின் உருளல் தடையையும் வென்று அவ்வேகத்தைத் தக்கவைக்கத் தேவைப்படுவது சுமார் 5 யூனிட்தான். எஞ்சிய 22 யூனிட் எங்கே சென்றது?

பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. சிலிண்டருக்குள் கலவை எரியும்போது வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைக் கடக்கிறது. அவ்வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளுவதே நமக்குக் கிடைக்கும் வேலை. ஆனால் விரிவதற்கு இடம் குறைவு. பிஸ்டன் கீழே இறங்கி முடியும்போது வாயு தொடக்கக் கன அளவைப்போல் ஏறத்தாழ 10 மடங்குக்கே விரிந்திருக்கும். அப்போதும் அதில் வெப்பமும் அழுத்தமும் கணிசமாக மிச்சமிருக்கும். அந்நிலையிலேயே வால்வு திறந்து அதனை வெளியே விட்டுவிடுகிறது. வாகனத்தின் புகைக்குழாய் தொட முடியாதபடி கொதிப்பது இதனால்தான்.

விரிவை 15 அல்லது 20 மடங்காக்கினால் என்ன என்று தோன்றலாம். அவ்வாறாயின் கலவையையும் முன்னதாக அதே அளவு அழுத்த வேண்டிவரும். மிகையாக அழுத்தப்பட்ட பெட்ரோல் கலவை, தீச்சுடர் வந்து சேருமுன் தானாகவே பற்றிக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் அந்த உலோகத் தட்டொலி நீடித்தால் பிஸ்டனே சேதமடையும். உயர் ஆக்டேன் பெட்ரோல் இதனைத் தள்ளிப்போடும். ஆயினும் அதற்கென வடிவமைக்கப்படாத இஞ்சினில் அதை ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை.

இவற்றைவிடக் குறைவாகவே பேசப்படும் இழப்பு ஒன்று உண்டு. நமது காரின் இஞ்சின் 60 கிலோவாட் தரவல்லது என்று வைத்துக்கொள்வோம். நாம் அதனிடம் கேட்பதோ 5. பெட்ரோல் இஞ்சினில் திறனைக் குறைக்கும் வழக்கமான முறை, காற்று நுழையும் பாதையைத் தகடு ஒன்றினால் அடைப்பது. அதனைத் ‘த்ராட்டில்’ என்பர். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க எடுக்கத் தகடு மூடுகிறது. பிஸ்டன்கள் பாதி அடைத்த குழாயில் மூச்சிழுப்பதுபோல் வெற்றிடத்தை எதிர்த்து உழைக்கின்றன. அவ்வுழைப்புக்கும் நாமே எரிபொருள் தருகிறோம். உராய்வோ, சுமை குறைந்தாலும் அதற்கேற்பக் குறைவதில்லை. ஆகவே நல்ல சுமையில் 30 சதவீதத்துக்கும் மேல் வேலையாக மாற்றும் அதே இஞ்சின், நகர்ச் சாலையில் 20 சதவீதத்தை எட்டவும் திணறுகிறது.

அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியருக்குப் பதிலாக ஐந்தாம் கியரில் சென்றால் இஞ்சின் மெதுவாகச் சுழலும். த்ராட்டிலும் சற்று அகலத் திறந்திருக்கும். இரண்டு இழப்புகளும் ஒருங்கே குறையும். வண்டி அதிர்ந்தால் மட்டும் ஒரு கியர் இறக்கிக்கொள்ள வேண்டும். சிக்னலில் நிற்கும்போது கணக்கு இன்னும் எளிது: சக்கரத்துக்குச் செல்வது பூஜ்யம்.