கலங்கிய நீரில் களிமண்ணின் கணக்கு

மண்பரிசோதனைக் கூடத்தில் வழக்கமாகப் பயன்படும் சல்லடைகளில் மிக நுண்ணியதன் கண் 75 மைக்ரான் அகலம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்கு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணை அதில் கொட்டித் தண்ணீர்விட்டுக் கழுவினால் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். இறங்கியதில் வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்று அந்தச் சல்லடையால் சொல்ல முடியாது. ஆனால் மழையில் உப்பிக் கோடையில் பிளந்து வீட்டுச் சுவரை விரியவைப்பது அந்தக் களிதான். 2 மைக்ரானுக்கும் கீழான துகள்களையே களி என்கிறோம். இவ்வளவு சிறியதைச் சலித்துப் பிரிக்க முடியாததால், தண்ணீரில் விழவிட்டு அளக்கிறார்கள்.

இதற்கான விதியைத் தந்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். ஊசல் ஆடும்போது காற்றும் நீரும் அதை எப்படித் தடுக்கின்றன என்று ஆராய்ந்து 1851-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து அது வருகிறது:

v = (ρs − ρw) g D² / 18η

v என்பது துகள் விழும் வேகம், D அதன் விட்டம், ρs, ρw ஆகியவை மண்துகளின் அடர்த்தியும் நீரின் அடர்த்தியும், g புவியீர்ப்பு முடுக்கம், η நீரின் பிசுபிசுப்பு. கவனிக்க வேண்டியது D-யின் தலையில் இருக்கும் 2. விட்டம் பாதியானால் வேகம் கால்பங்காகிவிடும். நம் ஊர் வெப்பநிலையான 27 டிகிரி நீரில் 75 மைக்ரான் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறக்குறைய 17 வினாடி போதும். 2 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் ஆறு மணி நேரத்துக்கும் மேல். இந்தப் பெரிய இடைவெளிதான் சோதனையைச் சாத்தியமாக்குகிறது. குறிப்பிட்ட நேரம் கழித்துக் குறிப்பிட்ட ஆழத்தில் இன்னும் மிதப்பவை எல்லாம் ஒரு குறிப்பிட்ட விட்டத்தைவிடச் சிறியவை என்று துணிந்து சொல்லலாம்.

மிதப்பவற்றின் எடையைச் சொல்வது ஹைட்ரோமீட்டர். நீண்ட காம்பும் கீழே உருண்ட குமிழும் கொண்ட கண்ணாடிக் கருவி அது. மண் கலந்த நீர் கனமாக இருந்தால் காம்பு உயர்ந்து நிற்கும், மண் படியப் படியத் தாழும். இதை மண்துகள் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தும் முறையை 1927-இல் அமெரிக்க மண்ணியலாளர் ஜார்ஜ் பௌயூகோஸ் முன்வைத்தார்.

செய்முறை எளிது. உலர்ந்த களிப்பாங்கான மண்ணில் 50 கிராம் எடுத்து, சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்டும் சோடியம் கார்பனேட்டும் கரைத்த நீரில் ஊறவைத்து நன்றாகக் கலக்க வேண்டும். அதை 1 லிட்டர் அளவுஜாடியில் ஊற்றி, நீரால் நிரப்பி, வாயைக் கையால் அடைத்துத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் குலுக்கிவிட்டுக் கீழே வைக்க வேண்டும். அந்தக் கணமே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அரை நிமிடத்தில் முதல் அளவு, பிறகு 1, 2, 4 நிமிடம் என்று போய் மறுநாள் 24 மணி நேரத்தில் கடைசி அளவு.

அந்த இரசாயனம் எதற்கு என்று தெரிந்தால் சோதனையின் பாதி புரிந்துவிடும். களித்துகள்கள் இயல்பாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீரில் சுண்ணாம்புச் சத்தோ ஜிப்சமோ இருந்தால் இன்னும் வேகமாகத் திரளும். குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசி நம் மக்கள் கலங்கல் நீரைத் தெளியவைத்தது இந்தத் திரள்தலை வைத்துத்தான். சோதனைக்கு வேண்டியது நேர் எதிரானது. துகள்கள் தனித்தனியாக நிற்க வேண்டும். நூறு களித்துகள் ஒட்டிய கட்டி வண்டல்துகள்போல வேகமாக விழும், ஹைட்ரோமீட்டரும் அதை வண்டல் என்றே கணக்கில் எழுதும். கரிசல் மண் அறிக்கையில் களி குறைந்து தெரிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கண்ணால் பார்த்தே இதைப் பிடித்துவிடலாம். சரியாகப் பிரிந்த மண் ஜாடி முழுவதையும் மணிக்கணக்கில் கலங்கலாகவே வைத்திருக்கும். திரண்ட மண்ணோ பொதபொதவென்று கூட்டமாக இறங்கும், மேலே தெளிந்த நீருக்கும் கீழே மண்ணுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தச் சோதனையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுக் கரைசலுடன் மீண்டும் தொடங்க வேண்டியதுதான். பாஸ்பேட் கரைசல் நாளாக நாளாகத் தானே சிதைந்து வலுவிழக்கும், அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த புட்டியை நம்பக் கூடாது.

அடுத்த பிழை இதற்கு நேர் எதிர்த்திசையில் இழுக்கும். பிரிப்பதற்காகச் சேர்த்த அதே உப்பு நீரின் அடர்த்தியையும் கூட்டுகிறது. கருவிக்கு மண் எது, உப்பு எது என்று தெரியாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மண் 50 கிராம், அதன் ஒப்படர்த்தி 2.70, வெப்பநிலை 27 டிகிரி. 24 மணி நேரம் கழித்துக் காம்பில் 1.0160 என்று தெரிகிறது, இதை 16 என்று எழுதுவார்கள். பக்கத்தில் மண்ணே இல்லாமல் அதே அளவு உப்பும் நீரும் மட்டும் உள்ள இன்னொரு ஜாடி. அதில் அதே கருவி 2.5 காட்டுகிறது. 16-இலிருந்து அதைக் கழித்தால் 13.5. இந்த எடைக்கும் ஒப்படர்த்திக்கும் பெருக்கல் எண் 3.18. ஆகவே ஏறக்குறைய 43 சதவீதம் இன்னும் மிதக்கிறது. குமிழின் நடுப்பகுதி வரையிலான ஆழத்தை 13 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஸ்டோக்ஸ் விதிப்படி அவை சுமார் 0.0012 மில்லிமீட்டருக்குக் கீழானவை. உப்பைக் கழிக்க மறந்திருந்தால் விடை 51 சதவீதம். மறதி ஒன்றுக்கு எட்டு சதவீதக் களி முளைத்துவிட்டது!

இரண்டாவது ஜாடி இன்னொரு நன்மையும் செய்கிறது. கலங்கல் நீரில் நீர்மட்டம் தெரியாது என்பதால், காம்பை ஒட்டி நீர் வளைந்து ஏறும் விளிம்பின் மேல்நுனியில்தான் அளவெடுக்கிறோம். அதனால் எண் சற்றுக் குறைவாகவே வரும். மண்ணில்லாத ஜாடியிலும் மேல்நுனியிலேயே படித்தால் அந்தக் குறை கழித்தலில் தானாகச் சரியாகிவிடும். காம்பில் கையெண்ணெய் பட்டிருந்தால் மட்டும் நீர் ஒழுங்காக ஏறாது, அப்போது இந்தச் சரிசெய்தலும் கைகொடுக்காது.

வெப்பநிலைக்கு இரட்டை வேலை. 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் நீரின் பிசுபிசுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, துகள்கள் அதற்கேற்ப விரைந்து விழும். கணக்கில் அன்றைய வெப்பநிலையைப் போட்டால் இது தீர்ந்துவிடும். தீராதது, ஜாடியின் ஒரு பக்கம் மட்டும் சன்னல் வெயில் படுவது. அந்தப் பக்கத்து நீர் மேலெழும், மறுபக்கத்து நீர் கீழிறங்கும். நொடிக்கு ஒரு மைக்ரான் அளவில் விழும் துகளை அந்தச் சுழற்சி எளிதாகத் தூக்கிப்போகும்.

இவை அனைத்தையும் சரிசெய்த பிறகும் விதியிலேயே ஒரு குறை தங்கிவிடுகிறது. ஸ்டோக்ஸின் கணக்கு உருண்டைக்கானது. களித்துகள் மெல்லிய தகடு, அதே எடையுள்ள உருண்டையைவிட மெதுவாக அசைந்து அசைந்துதான் விழும். எனவே நமக்குக் கிடைப்பது துகளின் உண்மை அகலம் அல்ல, அதே வேகத்தில் விழும் உருண்டையின் விட்டம். லேசர் கருவியில் அதே மண்ணைக் கொடுத்தால் களியின் பங்கு பெரும்பாலும் குறைவாகவே வரும். இரு கருவிகளும் வெவ்வேறு பண்பை அளக்கின்றன, ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது.

பிரிப்பு உப்பு இல்லாமல் வேண்டுமென்றே இன்னொரு முறை செய்வதும் உண்டு. இம்முறை குலுக்கிக் கலக்கும் இயந்திரமும் கிடையாது. 5 மைக்ரானுக்குக் கீழான துகள்கள் இந்தச் சோதனையில் எவ்வளவு, வழக்கமான சோதனையில் எவ்வளவு என்று ஒப்பிடுவார்கள். முதலாவது இரண்டாவதில் பாதிக்கு மேல் வந்தால் அந்த மண் வெறும் நீரிலேயே தானாகக் கரைந்து பிரியக்கூடியது. அதை வைத்து ஏரிக்கரையோ மண் அணையோ கட்டினால், சிறு விரிசல் வழியே கசியும் நீர் துகள்களைச் சுமந்துகொண்டு போய்க் கரைக்குள் குழாய்போல வழி அறுத்துவிடும்.