விண்ணப்பத்தில் ஒரு பத்தி

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் சான்றிதழ்கள், ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் ஆகியவற்றோடு இன்னொரு தாளையும் கேட்கிறார்கள். ‘டீச்சிங் பிலாசபி’ என்றோ ‘டீச்சிங் ஸ்டேட்மென்ட்’ என்றோ அதைச் சொல்வார்கள். அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களில் இது பழைய வழக்கம். இந்தியாவிலும் சில உயர்கல்வி நிறுவனங்கள் இப்போது கேட்கின்றன. ஓரிரு பக்கம் எழுதினால் போதும். ஆனால் அதில் உயிரான பத்தி ஒன்றுதான்: வகுப்பில் என்ன செய்தேன், அதனால் மாணவர்களுக்கு என்ன வந்தது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பத்தி.

பெரும்பாலான விண்ணப்பங்களில் அந்தப் பத்தி இப்படித்தான் இருக்கும்: “மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தலில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஒவ்வொரு மாணவரும் தனித்தன்மை கொண்டவர். நவீன உத்திகளால் அவர்களின் ஆர்வத்தைத் தூண்டுகிறேன். என் பாடத்தில் 96 சதவீதம் பேர் தேர்ச்சி பெற்றனர்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இதை எழுதியவர் வேதியியல் நடத்துகிறாரா, வரலாறு நடத்துகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. முதல் மூன்று வாக்கியங்கள் நம்பிக்கையைச் சொல்கின்றன, நான்காவது ஒரு எண்ணைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் வகுப்பறையைக் காணோம். அந்த எண்ணும் பலவீனமானது. தேர்ச்சி விகிதம் கேள்வித்தாளைப் பொறுத்தும், திருத்தியவரைப் பொறுத்தும், சேர்ந்த மாணவர்களைப் பொறுத்தும் ஏறி இறங்கும். முதல் நாளே பாதி தெரிந்து வந்த வகுப்பில் 96 சதவீதம் என்பது ஆசிரியரைப் பற்றி அதிகம் சொல்லாது.

ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இவர் பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு மின்சுற்று நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாடத்தில் ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்த ஒரு தடுமாற்றம் உண்டு. ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்து, எது அதிகம் எரியும் என்று கேட்டால், பேட்டரியை ஒட்டிய முதல் பல்புதான் என்று பல மாணவர்கள் சொல்வார்கள். முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. உண்மையில் தொடர்ச்சுற்றில் எல்லா இடத்திலும் மின்னோட்டம் ஒன்றே. இரண்டு பல்புகளும் சமமாகத்தான் எரியும். ஓமின் விதியை வைத்துக் கணக்குப் போட்டு முழு மதிப்பெண் வாங்குகிறவரும் இந்தக் கேள்வியில் தவறுவதுண்டு. சூத்திரம் தெரிவதும் சுற்று புரிவதும் வேறு வேறு.

இதற்கு நம் விண்ணப்பதாரர் செய்தது, ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை. பாடத்தின் நடுவில் ஒரு கேள்வியைத் திரையில் போடுகிறார். யாரோடும் பேசாமல் ஒவ்வொருவரும் விடைக்கான அட்டையைத் தூக்க வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லி வாதாட இரண்டு மூன்று நிமிடம் கொடுக்கிறார். பிறகு மறுபடி அட்டை. சரியாகச் சொன்னவர்கள் அதைவிடக் குறைவு என்றால் பேச்சால் பயனில்லை, அவரே திரும்ப நடத்துகிறார். அதைவிட அதிகம் என்றால் அடுத்ததற்குப் போகிறார்.

இந்த அளவுக்கு எழுதினாலே வகுப்பு கண்முன் வந்துவிடும். இனி விளைவு. பருவத்தின் முதல் வாரத்தில், காரணம் எழுதச் சொல்லி ஒரு சுற்றுக் கேள்வி கொடுத்தார். 60 பேரில் 18 பேர் சரியான காரணத்தோடு எழுதினார்கள். கடைசி வாரத்தில் அதே கருத்தை வேறு சுற்றில் வைத்துக் கேட்டபோது 39 பேர். அதாவது 30 சதவீதம் 65 ஆனது. எட்ட மிச்சம் இருந்தது 70 சதவீதம். அதில் 35 எட்டியாயிற்று, சரிபாதி. இப்படி மிச்சத்தை வைத்து அளப்பது இயற்பியல் கல்வியில் பழகிப்போன வழி. 1998இல் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளில் 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் இயக்கவியல் தேர்வுகளை இப்படிக் கணக்கிட்டார். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகள் மிச்சத்தில் சராசரியாகக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகள் ஏறத்தாழப் பாதியும் எட்டியிருந்தன.

இனி அந்தப் பத்தியை எழுதிப் பார்க்கலாம்:

“மின்னோட்டத்தைப் பல்பு தின்றுவிடும் என்ற எண்ணத்தோடுதான் என் முதலாண்டு மாணவர்கள் பலர் வருகிறார்கள். அதனால் வகுப்புதோறும் ஒரு கேள்விக்குத் தனித்தனியே விடை காட்டச் சொல்லி, பிறகு பக்கத்தவரோடு காரணம் பேசவிட்டு, மறுபடி விடை கேட்கிறேன். சென்ற பருவத்தில் 60 பேரில் 18 பேர் முதல் வாரத்தில் சரியான காரணம் எழுதினார்கள். கடைசி வாரத்தில், அதே கருத்தைச் சோதிக்கும் வேறொரு சுற்றுக்கு 39 பேர் எழுதினார்கள். மீதி 21 பேரின் விடைத்தாள்களில், எத்தனை பல்பு சேர்த்தாலும் பேட்டரி ஒரே அளவு மின்னோட்டம்தான் தரும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது. அதனால் இந்தப் பருவத்தில் பக்க இணைப்பில் பல்பைச் சேர்த்து, அம்மீட்டர் ஏறுவதை அவர்களே பார்க்கும் பயிற்சி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்.”

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் கடைசி இரண்டு வாக்கியங்கள். 21 பேருக்கு இன்னும் புரியவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறார், படித்ததால் அடுத்த வகுப்பை மாற்றியிருக்கிறார். தேர்வுக்குழுவில் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவர் பேனா இந்த வரியின் கீழ்தான் கோடு போடும். நேர்முகத் தேர்வில் கேள்வியும் இங்கிருந்துதான் வரும்.

இந்த எண்களுக்கு எல்லை உண்டு. இரண்டு கேள்விகளும் ஒரே அளவு கடினமா என்று யாராவது கேட்கலாம். அதே கேள்வியைத் திரும்பக் கொடுத்திருந்தால் மனப்பாடமா என்று கேட்பார்கள். ஒரு வகுப்பின் கணக்கை வைத்து ‘என் முறையால்தான்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பத்தியில் ‘வேறொரு சுற்று’ என்பது வெளிப்படையாக இருக்கிறது, ‘அதனால் உயர்ந்தது’ என்ற பேச்சே இல்லை. முந்தைய ஆண்டு வகுப்புக்கும் அதே இரண்டு கேள்விகளைக் கொடுத்த கணக்கு கையில் இருந்தால், ஒரு வாக்கியத்தில் அதையும் சேர்க்கலாம்.

மாணவர்களின் கருத்துப் படிவத்தில் 5க்கு 4.7 கிடைத்தது என்று எழுதுகிறவர்களும் உண்டு. எழுதட்டும், ஆனால் அது கற்றலின் அளவு ஆகாது. 2019இல் வெளியான ஹார்வர்டு இயற்பியல் ஆய்வு ஒன்றில், தாங்களே செய்து கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாகச் செய்தார்கள். ஆனால் நல்ல விரிவுரை கேட்டவர்களே அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. என்.பி.ஏ. அங்கீகாரத்துக்காகப் பாட விளைவுகள் எந்த அளவு எட்டப்பட்டன என்ற கணக்கை ஏற்கெனவே கோப்பில் வைக்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் பருவ முடிவின் நிலையைத்தான் காட்டும்; எங்கிருந்து தொடங்கினார்கள் என்பது அதில் இராது. அந்தத் தொடக்கக் கணக்கைப் பின்னால் உண்டாக்கவும் முடியாது. எனவே அடுத்த பருவத்தின் முதல் வாரத்திலேயே, பத்து நிமிடம் ஒதுக்கி, காரணம் எழுதவைக்கும் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து, தாள்களைத் தேதி போட்டுக் கட்டி வையுங்கள்.