சாலை மேற்பரப்புப் பணியில் போக்குவரத்து மேலாண்மை: திண்டிவனம் – விழுப்புரம்

திண்டிவனம் – விழுப்புரம் தேசிய நெடுஞ்சாலை, நடுத்திட்டு கொண்ட நான்கு வழிச்சாலை ஆகும். இதில் பழைய தாரைச் சுரண்டிப் புதுத் தார்க்கலவை போடும்போது, ஒரு திசையில் உள்ள இரு தடங்களுள் ஒன்று மூடப்படும். எங்கே, எந்நேரம் மூடுவது, வண்டிகளை எப்படித் திருப்புவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதே போக்குவரத்து மேலாண்மைத் திட்டம்.

இத்திட்டத்தில் முதலில் கணிக்க வேண்டியது வண்டி வரிசையின் நீளம். திறந்துள்ள தடத்தில் மணிக்கு 1,200 வண்டிகள் செல்ல முடியும், ஆனால் 1,500 வண்டிகள் வருகின்றன எனக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 300 வண்டிகள் தேங்கும். வண்டிக்கு 8 மீட்டர் வீதம் இரு தடங்களிலும் நின்றால், வரிசை 1.2 கிலோமீட்டர் நீளும். முதல் எச்சரிக்கைப் பலகை 1 கிலோமீட்டர் முன்பே இருந்தாலும், வரிசையின் கடைசி அதைத் தாண்டிவிடும். வேகமாக வருபவர் பலகையைக் காணுமுன் நின்ற வண்டியைக் காண்பார். பின்புற மோதல் இங்கேதான் நிகழும்.

எனவே வரிசை நீளும்போது பலகையையும் கொடிக்காரரையும் பின்னோக்கி நகர்த்த வேண்டும். அல்லது வருகை 1,200-க்குக் குறையும் நேரத்தில் மட்டுமே தடத்தை மூட வேண்டும்.

மாற்றுப்பாதையாகப் புதுச்சேரி வழி உண்டு. தொலைவு ஏறத்தாழ இரு மடங்கு. சென்னையிலிருந்து வருவோருக்கு அந்த அறிவிப்பு திண்டிவனத்துக்கு முன்பே தெரிய வேண்டும். புதுச்சேரி சாலை பிரியும் இடத்தைக் கடந்தபின் வைக்கும் பலகையால் பயனில்லை.